கருவறையில் 9 வாட் பல்பு: இரண்டு வருடம் கழித்து

பக்கத்து ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் போன வாரம் கேட்டார்: “கருவறைக்கு எல்இடி மாட்டினீங்களே, சூடு குறைஞ்சுதா?” ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். கோபத்தில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே.

எங்கள் அம்மன் கோயில் கருவறை ஆறடிக்கு ஆறடி. ஜன்னல் கிடையாது, குனிந்துதான் நுழைய வேண்டும். முன்பு 60 வாட் குண்டு பல்பு எரிந்தது. “உள்ள நிக்க முடியல தம்பி” என்று பூசாரி ஐயா சொல்லிக்கொண்டே இருந்ததால் 9 வாட் எல்இடி மாட்டினேன். பல்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிச்சம் பழையதைவிட அதிகம், இதுவரை ஒருமுறைகூட மாற்றவில்லை. ஆனால் பூசாரிக்கு வியர்ப்பது நிற்கவே இல்லை. சித்திரை வெள்ளிக்கிழமைகளில் ஈரத்துண்டோடுதான் உள்ளே போனார்.

பல்பு விற்றவரைத் திட்டிவிட்டுத்தான் விளக்கின் பக்கம் திரும்பினேன். வீட்டிலிருந்து சமையலறைத் தராசை எடுத்துப்போய், அதன்மேல் ஒரு டைல்ஸ் துண்டை வைத்து, தூங்கா விளக்குக்குப் போடும் அதே தடித் திரியை ஒரு அகன்ற விளக்கில் நல்லெண்ணெயோடு ஏற்றினேன். மூன்று மணி நேரத்தில் 21 கிராம் குறைந்தது. தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டும் என்பதால்தான் அவ்வளவு நேரம் வைத்தேன். மணிக்கு 7 கிராம். நல்லெண்ணெய் ஒரு கிராம் எரிந்தால் ஏறக்குறைய 37 கிலோஜூல் வெப்பம் வரும். மணிக்கு 259 கிலோஜூல். அதை 3,600 நொடிக்கு வகுத்தால் 72 வாட்.

அதாவது ஒற்றைத் திரி, நான் கழற்றி எறிந்த குண்டு பல்பைவிட அதிகச் சூடு!

மாலைப் பூஜையில் ஐந்து முகக் குத்துவிளக்கு இரண்டு சேரும். திரி மெலிசு, ஒன்றுக்கு மணிக்கு 4 கிராம் என்றாலும் பத்துத் திரிக்கு 40 கிராம். 410 வாட் வருகிறது. தூங்கா விளக்கையும் சேர்த்தால் 480-ஐத் தாண்டும். பூசாரியின் உடம்பே ஒரு 100 வாட் விடும். பல்பை மாற்றி நான் மிச்சம் பிடித்தது 51 வாட். அடுப்பில் உலை கொதிக்கும்போது பக்கத்தில் எரியும் மெழுகுவத்தியை ஊதி அணைத்த கதை.

இன்னொன்று, பல்பின் சூடு வெறும் சூடு. எண்ணெயில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்து நீராவி ஆகிறது. கிராமுக்குக் கிராம், எரிந்த எண்ணெய் அளவுக்கே தண்ணீர். ஒரு மணி நேரப் பூஜையில் கால் தம்ளருக்குக் கொஞ்சம் குறைவான நீர் அந்த மூடிய அறைக் காற்றில் சேர்கிறது. வியர்வை காயாமல் பூசாரி தவித்ததற்கு அதுவும் காரணம்.

“நெய் விளக்குக்குச் சூடு கம்மி, குளிர்ச்சி” என்று உபயதாரர் ஒருவர் அடித்துச் சொன்னார். நெய்யையும் அதே திரியில் போட்டுப் பார்த்தேன். மார்கழி விடியற்காலையில் உறைந்திருந்ததால் முதலில் திரி அழுதது. விளக்கு சூடேறி நெய் இளகியதும் எண்ணெய்க்குச் சமமாகவே எரிந்தது. கிராமுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வெப்பம். வித்தியாசம் செய்வது எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதுதான். அதைத் தீர்மானிப்பது திரியின் தடிமனும், நீங்கள் அதை எவ்வளவு வெளியே இழுத்துவிடுகிறீர்கள் என்பதும். திரியை உள்ளே தள்ளி, நுனி மட்டும் நீட்டி வைத்தபோது 7 கிராம் 4 ஆனது. மேலே எழும்பிய கரிப்புகையும் நின்றது. விதானத்தில் கரி படிந்தால் திரி நீளம் என்று அர்த்தம்; எண்ணெயில் ஒரு பங்கு வெளிச்சமாகவும் இல்லை, சூடாகவும் இல்லை, கரியாக வீணாகிறது.

காற்று வாங்கும் விசிறியும் வைத்துப் பார்த்தோம். சுடர் சாய்ந்து கரி இரண்டு மடங்கானதுதான் மிச்சம். கடைசியில் குத்துவிளக்கு இரண்டையும் அர்த்த மண்டபத்துக்கு நகர்த்தினோம். பூசாரி ஐயா இப்போது ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொள்வதோடு சரி.

ஆக, நண்பரே, எல்இடி வாங்குங்கள், கரண்ட் பில் குறையும். சூட்டுக்கு வாங்காதீர்கள். தூங்கா விளக்கையும் எடுத்துவிட்டு சிவப்பு மின்விளக்கு வைக்கலாமா என்று கேட்டீர்களே, கணக்குப்படி வைக்கலாம். நான் வைக்க மாட்டேன். எல்இடியின் வெள்ளை வெளிச்சத்தில் அம்மன் முகத்தைவிடச் சுவரின் வெடிப்புதான் பளிச்சென்று தெரிகிறது. நேற்றும் தீபாராதனைக்கு முன் போய் பல்பை அணைத்தது நான்தான்.