கழுத்து வளைவில் கிராஸ் பட்டி: சுற்றிப் பிடிப்பதா, உள்ளே திருப்புவதா?

வட்டக் கழுத்துக்குக் கிராஸ் பட்டி வைக்கும்போது அதை ஓரத்தைச் சுற்றிப் பிடித்து வெளியே தெரியவிடலாம், இல்லையென்றால் முழுவதும் உள்ளே திருப்பி மறைத்துவிடலாம். இரண்டுக்கும் பட்டியை 45 பாகைச் சாய்வில்தான் வெட்டுகிறோம். ஆனால் முதலாவதில் பட்டியை லேசாக இழுத்துத் தைக்க வேண்டும், இரண்டாவதில் இழுக்கவே கூடாது. இதை மாற்றிச் செய்தால் எவ்வளவு இஸ்திரி போட்டாலும் கழுத்து படியாது.

ஓரம் 60 செ.மீ. சுற்றளவுள்ள கழுத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றிப் பிடிப்பதென்றால் முதலில் கழுத்தின் தையல் இடத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் வெட்டிய ஓரமேதான் முடிந்த ஓரம். 7 மி.மீ. அகலம் தெரிய வேண்டுமானால் பட்டியை 32 மி.மீ. அகலத்தில் வெட்டலாம். தையல் ஓரத்திலிருந்து 7 மி.மீ. தள்ளி விழுவதால் அந்தக் கோடு ஏறக்குறைய 64 செ.மீ. வருகிறது. பட்டியின் மடிப்போ 60 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். 64 செ.மீ. பட்டியை அப்படியே வைத்தால் மடிப்பில் துணி மிஞ்சி அலை அலையாக எழும்பும். சுமார் 62 செ.மீ. வளையமாக இணைத்து, முழுச் சுற்றிலும் சீராக இழுத்துத் தைத்தால் படியும்.

உள்ளே திருப்பும்போது கணக்கு தலைகீழ். தையல் கோடுதான் கழுத்தின் ஓரம், அதன் நீளம் 60 செ.மீ.தான். பட்டியின் மறு ஓரம் 1 செ.மீ. தள்ளிப் படிந்தால் அங்கே 66 செ.மீ.க்கு மேல் தேவை. இழுத்துத் தைத்த பட்டிக்கு அந்த நீளம் எட்டாது. முன்பக்கம் சுருக்கம் விழும், உள் ஓரம் தூக்கி நிற்கும். அதனால் தைப்பதற்கு முன்பே ஆவி இஸ்திரியால் பட்டியை வளைத்து, வெளி ஓரத்தை மட்டும் நீட்டிக்கொள்ளுங்கள். அகலத்தை 6 மி.மீ.க்குக் குறைத்தால் கூடுதல் தேவை 4 செ.மீ.க்கும் கீழே வந்துவிடும். தைத்த பின் தையல் இடத்தில், நூலைத் தொடாமல், சிறு வெட்டுகள் கொடுப்பதை விட்டுவிடக் கூடாது.

உள்ளே திருப்புவதில் வேலை சுத்தமாகத் தெரியும், ஆனால் மெல்லிய துணியில் பட்டி நிழலாகத் தெரியும். அங்கே சுற்றிப் பிடிப்பதே என் தேர்வு. தடித்த துணியில் பட்டிக்கு மட்டும் மெல்லிய துணி எடுத்து உள்ளே திருப்புவேன்.

சுற்றிப் பிடித்த பட்டியில் சாய்வான கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் பட்டி முறுக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் தையலில் பிரஷர் ஃபுட் மேல் துணியைத் தள்ளிக்கொண்டு போவதால் வருவது அது. கையால் நூலோட்டம் போட்டுவிட்டு மிஷினில் வைத்தால் நகராது.