இரண்டு மிதவை பம்ப் கண்ட்ரோலர்: நல்ல பெட்டி, ஞாபகம்தான் இல்லை

"விலை குறைச்சிருக்காங்களாம், வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டார். போனில் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே குரல் ஏறிவிட்டது. அவருக்குச் சொல்ல வந்ததை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். நிதானம் கடைசிவரை தாங்குமா என்பது வேறு விஷயம்.

பெட்டி எல்லோருக்கும் தெரிந்த வகைதான். தொட்டிக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சின்ன மிதவைகள். கீழ் மிதவை இறங்கினால் மோட்டார் ஓடும், மேல் மிதவை ஏறினால் நிற்கும். மிதவை ஒயரில் 12 வோல்ட்தான் போகிறது. பெட்டிக்குள் இருக்கும் ரிலே காண்டாக்டரின் காயிலை மட்டும் இழுக்கிறது, மோட்டாரின் சுமை முழுவதும் காண்டாக்டர் மேல்.

இதற்கு முன் இருந்தது ஒற்றை மிதவை. தண்டில் மேலும் கீழும் வழுக்கும் சின்ன மிதவை, உள்ளே ரீட் சுவிட்ச். அது ஆன் ஆகும் மட்டத்துக்கும் ஆஃப் ஆகும் மட்டத்துக்கும் அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற தொட்டியில் அலையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பும். தொட்டி நிறையும் நேரத்தில் அலை ஏற ஒரு 'டக்', இறங்க ஒரு 'டக்'. ஓடும்போது 6 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், கிளம்பும் நொடியில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒவ்வொரு 'டக்'குக்கும் அந்த 30 ஆம்பியரை ரிலேயின் பாயிண்ட் தாங்கியாக வேண்டும்.

தாங்கவில்லை. ஒருநாள் தொட்டி வழிந்துகொண்டே இருந்தது, மோட்டார் நிற்கவில்லை. ரிலேயின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் காயிலில் கரண்ட் இல்லை, பாயிண்ட் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டியதும் விட்டது. பளபளவென்று இருக்க வேண்டிய இரண்டு முகங்களும் கரிபிடித்து, ஓரத்தில் உருகி உறைந்த ஒரு மணியோடு சொரசொரவென்று இருந்தன. இதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுகிறவர்கள் உண்டு. மேலே இருக்கும் வெள்ளிப் பூச்சும் போய், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஒட்டும். மாற்றுவதுதான் வழி.

அந்த வியாதிக்கு இந்தப் பெட்டி சரியான மருந்து. இதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆன் ஆகும் மட்டத்தையும் ஆஃப் ஆகும் மட்டத்தையும் தள்ளி வைப்பதுதான் ஹிஸ்டெரிசிஸ். அலை எவ்வளவு ஆடினாலும் ஒரே நேரத்தில் இரண்டு மிதவைகளையும் தொட முடியாது. ரிலே ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான், தண்ணீர் கீழ் மட்டத்துக்கு இறங்கும்வரை அசையாது.

எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்குப் பெட்டியோடு வந்த தாளில் ஒரு வார்த்தை இல்லை. கணக்கு சுலபமானது. என் தொட்டி 2 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு 40 லிட்டர். பம்ப் நிமிடத்துக்கு 100 லிட்டர் கொண்டுவருகிறது. அதே நேரத்தில் கீழே பாசனத்துக்கும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். மோட்டார் மிக அடிக்கடி கிளம்புவது, வெளியே போவது உள்ளே வருவதில் சரிபாதியாக இருக்கும்போது. அந்த நிலையில் ஒரு கிளம்பலிலிருந்து அடுத்த கிளம்பல் வரை ஆகும் நேரம், இரண்டு மட்டங்களுக்கும் இடையே நிற்கும் தண்ணீரை நான்கால் பெருக்கி, பம்பின் நிமிட அளவால் வகுத்தால் வருவது. பழைய மிதவையின் அரை சென்டிமீட்டருக்கு 20 லிட்டர். அலையே இல்லாத அமைதியான தொட்டியாக இருந்தாலும் 48 விநாடிக்கு ஒருமுறை, மணிக்கு 75 முறை. ஒரு சில விநாடி மட்டும் வேலை செய்வதற்காகச் செய்யப்பட்ட ஸ்டார்ட்டிங் கண்டென்சர் இதில் வெந்துபோகும். இரண்டு மிதவைகளை 25 சென்டிமீட்டர் தள்ளி வைத்தேன், 1,000 லிட்டர். மோசமான நிலையிலும் 40 நிமிடத்துக்கு ஒருமுறைதான் கிளம்பல். அன்றிலிருந்து காண்டாக்டர் சத்தமே அபூர்வமாகிவிட்டது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் போட்ட பிறகும் 'டரடர' என்று அடிக்கிறது என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தொட்டி நிறையும் நேரத்தில் மட்டும் அடித்தால் மிதவை காரணம். தொட்டி பாதியில் இருக்கும்போது, மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் அடித்தால் மிதவைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கிளம்பும்போது ஒயரில் வோல்டேஜ் இறங்குகிறது, காயில் பிடியை விடுகிறது, மோட்டார் துண்டிக்கப்பட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது, காயில் மறுபடி பிடிக்கிறது. காயிலில் எழுதியிருக்கும் வோல்டேஜில் 85 சதவீதமாவது கிடைத்தால்தான் காண்டாக்டர் உறுதியாக இழுக்கும் என்பது பொதுவான அளவு. மீட்டரைக் காயிலில் வைத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மெல்லிய ஒயரை மாற்றாமல் மிதவையை எவ்வளவு தள்ளி வைத்தும் பயன் இல்லை.

சரி, கோபத்துக்கு வருவோம்.

இந்தப் பெட்டிக்குக் கரண்ட் போனால் ஞாபகம் போய்விடும். தொட்டி காலியாகி மோட்டார் ஓட ஆரம்பிக்கிறது. பாதி நிறைந்திருக்கும்போது கரண்ட் போகிறது. திரும்பி வரும்போது தண்ணீர் இரண்டு மிதவைகளுக்கும் நடுவில். கீழ் மிதவை 'காலி' என்று சொல்லவில்லை, மேல் மிதவை 'நிறைந்தது' என்று சொல்லவில்லை. நிரப்பிக்கொண்டிருந்தோம் என்பது பெட்டிக்கு நினைவில்லை. சும்மா நிற்கிறது. பச்சை விளக்கு எரிகிறது, கரண்ட் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, தொட்டி மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. அடியைத் தொட்ட பிறகுதான் மோட்டார் எழுந்திருக்கும்.

கொடுமை என்னவென்றால், மேலே எதைப் பாராட்டினேனோ அதுவேதான் இந்தக் குறையைப் பெரிதாக்குகிறது. வெளியே நிமிடத்துக்கு 50 லிட்டர் போகும்போது அந்த 1,000 லிட்டரை நிரப்ப 20 நிமிடம் வேண்டும். கரண்ட் அதற்குள் ஒருமுறை தட்டினால் போதும், நிரப்பல் பாதியில் நின்றுவிடும். அடிக்கடி தட்டும் நாளில் மேல் மிதவை தண்ணீரையே பார்ப்பதில்லை. மாலையில் நீண்ட நேரம் கரண்ட் போகும்போது தொட்டியில் கீழ் மிதவைக்கு அடியில் கிடக்கும் தண்ணீர்தான் கையிருப்பு. இடைவெளியை எவ்வளவு கூட்டுகிறோமோ, ரிலேக்கு அவ்வளவு நிம்மதி, பயிருக்கு அவ்வளவு நஷ்டம்.

இதைச் சரிசெய்யப் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் ஒன்றும் தேவையில்லை என்பதுதான் எரிச்சல். நடந்துகொள்வதைப் பார்த்தால் உள்ளே ஓடுவது கிட்டத்தட்ட இதுதான்:

```
bool pump = false;

void loop() {
  if (lowFloatDown()) pump = true;
  if (highFloatUp())  pump = false;
  setRelay(pump);
}
```

முதல் வரியில் `false` என்பதை `true` என்று மாற்றினால் கதை முடிந்தது. கரண்ட் வந்ததும் நடுவில் இருந்தால் நிரப்பும்; ஏற்கெனவே நிறைந்திருந்தால் மேல் மிதவை அடுத்த வரியிலேயே தடுத்துவிடும். கரண்ட் வந்தவுடன் கிளம்பாமல் சில நிமிடம் காத்திருக்கும் வசதியை இந்தப் பெட்டியில் கொடுத்திருக்கிறார்கள், அதனால் கரண்ட் விட்டுவிட்டு வந்தாலும் மோட்டாருக்கு ஆபத்தில்லை. தயாரித்தவர்களுக்கு எழுதினேன். 'இது பாதுகாப்பு அம்சம்' என்று பதில் வந்தது. யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை.

இடைவெளியை 10 சென்டிமீட்டராகக் குறைத்துப் பார்த்தேன். 16 நிமிடத்துக்கு ஒரு கிளம்பல், மோட்டாருக்கு அதுவும் பரவாயில்லை. மறதியால் போகும் தண்ணீரும் 400 லிட்டருக்குள் அடங்கியது. வேறெதுவும் செய்ய விருப்பமில்லாதவர்களுக்கு இது போதும்.

நான் நிற்கவில்லை. போன மாதம் கீழ் மிதவையின் தண்டில் பாசியும் உப்பும் ஏறி மிதவை இறங்காமல் நின்றுவிட்டது. ரிப்பேருக்குக் கையை வைத்த கையோடு இரண்டு மிதவைகளையும் கழற்றிவிட்டு, கேபிளில் தொங்கும் பழைய கால ஃப்ளோட் சுவிட்ச் ஒன்றைப் போட்டேன். பல்பு மாதிரி இருக்குமே, தலை நிமிர்ந்தால் உள்ளே குண்டு ஒரு பக்கம் உருளும், கவிழ்ந்தால் மறுபக்கம். கேபிளைக் கட்டிய இடத்திலிருந்து பல்பு வரை விடும் நீளம்தான் இதில் ஹிஸ்டெரிசிஸ். மேலும் கீழும் 45 டிகிரி சாய்ந்தால் குண்டு உருளும் என்று வைத்தால், மட்ட வித்தியாசம் அந்த நீளத்தைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு. 18 சென்டிமீட்டர் விட்டேன், பழைய 25 சென்டிமீட்டர் அப்படியே கிடைத்தது.

மூன்று ஒயர் வரும் வகை வாங்க வேண்டும். பொது ஒயரும், கவிழ்ந்தால் சேரும் ஒயரும் 'கீழ்' முனைகளுக்கு. அதே பொது ஒயரும், நிமிர்ந்தால் சேரும் ஒயரும் 'மேல்' முனைகளுக்கு. ஒயர் நிறத்தை நம்பாமல் பல்பைக் கையில் பிடித்துச் சாய்த்து மீட்டரில் பார்த்துவிட்டே மாட்டுங்கள். இப்போது பெட்டிக்கு 'நடு' என்ற நிலையே வருவதில்லை. நிரப்பும் பாதியில் கரண்ட் போனாலும் குண்டு உருண்ட பக்கத்திலேயே கிடக்கிறது. கரண்ட் வந்ததும் பெட்டி அதைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பல்பு ஆடச் சுற்றிலும் இடம் வேண்டும், குழாயிலோ சுவரிலோ மாட்டினால் தொட்டி வழியும். குறுகிய தொட்டிக்கு இது ஆகாது.

ஆக, காசு கொடுத்து வாங்கிய ஹிஸ்டெரிசிஸ் பெட்டியில் இப்போது ஹிஸ்டெரிசிஸ் வேலை செய்வதே இல்லை, அந்த வேலையை ஒரு குண்டு செய்கிறது. பெட்டி வெறும் 12 வோல்ட் சப்ளையும், காத்திருக்கும் டைமரும், ஒரு நல்ல ரிலேயும். அந்த ரிலே உண்மையிலேயே நல்லது. இத்தனை நாளில் ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை, பாயிண்ட் இன்னும் சுத்தமாக இருக்கிறது. வாங்காதீர்கள் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். தொங்கும் ஃப்ளோட், தரமான காண்டாக்டர், ஒரு டைமர் போதும் உங்களுக்கு. என் பெட்டியை மட்டும் கழற்றித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், தரமாட்டேன்.