புது போனில் வாட்ஸ்அப் பேக்கப் வரவில்லையா? டிரைவ், லோக்கல் ஃபைல், கியூஆர்: எது எப்போது கைகொடுக்கும்

ஆண்ட்ராய்டிலிருந்து இன்னொரு ஆண்ட்ராய்டுக்கு மாறுகிறவர்களுக்குப் பழைய சாட்டைக் கொண்டுவர மூன்று வழி இருக்கிறது. ஒன்று கூகுள் டிரைவில் இருக்கும் பேக்கப். இரண்டாவது, பழைய போனுக்குள்ளேயே தினமும் சேமிக்கப்படும் லோக்கல் ஃபைல். மூன்றாவது, இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து கியூஆர் கோடு மூலம் நேரடியாக மாற்றுவது. பெரும்பாலானோர் டிரைவை மட்டுமே நம்புகிறார்கள். அது வரவில்லை என்றால் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து Skip அழுத்திவிடுகிறார்கள். பழைய போன் கையில் இருக்கும்வரை அப்படி நினைக்கத் தேவையே இல்லை.

எந்த வழியைப் பார்ப்பதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. Skip அழுத்திப் புது போனில் வாட்ஸ்அப்பை ஏற்கெனவே திறந்துவிட்டீர்கள் என்றால், Settings > Chats > Chat backup போய்த் தானியங்கி பேக்கப்பை நிறுத்துங்கள். ஒரே ஜிமெயிலில் அடுத்த பேக்கப் ஏறும்போது முந்தையது அழிந்து, அதே இடத்தில் புதியது உட்காரும். இன்று வந்த நாலு மெசேஜ் மட்டும் கொண்ட பேக்கப், இத்தனை வருட சாட்டின் மேல் ஏறிவிட்டால் டிரைவ் வழி அத்தோடு முடிந்தது.

இனி அக்கவுன்ட். டிரைவ் பேக்கப்புக்கு இரண்டு பூட்டு: அதே போன் நம்பர், அதே ஜிமெயில். இதில் ஒன்று மாறினாலும் "பேக்கப் இல்லை" என்றுதான் வரும். தப்பான ஜிமெயிலில் தேடுகிறோம் என்று அது சொல்லாது. லோக்கல் ஃபைலுக்கு ஜிமெயில் தேவையில்லை, நம்பர் மட்டும் அதேயாக இருந்தால் போதும். கியூஆர் வழியும் அப்படித்தான். நம்பரையும் மாற்றப்போகிறீர்கள் என்றால் முதலில் பழைய நம்பரிலேயே ரீஸ்டோர் செய்துவிட்டு, பிறகு Change number வழியாக மாறுங்கள். ஓடிபி வருவதற்கு பழைய சிம் ஏதாவது ஒரு போனில் உயிரோடு இருந்தால் போதும்.

என் சித்தியின் போனில் நடந்ததைச் சொன்னால் மூன்று வழிக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகும். புது போன் வாங்கிய கடையிலேயே பையன் ஒரு புது ஜிமெயில் உருவாக்கி, வாட்ஸ்அப்பையும் போட்டு, ரீஸ்டோர் கேட்டபோது Skip அழுத்திக் கொடுத்துவிட்டார். "பழசு எல்லாம் போயிடுச்சாப்பா, சித்தப்பா அனுப்பினது எல்லாம் அதுலதானே இருந்துச்சு?" என்று சித்தி கேட்டார். சித்தப்பா இப்போது இல்லை.

பழைய போனில் வாட்ஸ்அப் லாக் அவுட் ஆகியிருந்தது. அதில் மறுபடி நம்பர் போட்டு நுழையவோ, டேட்டாவை கிளியர் செய்யவோ கூடாது என்று முதலில் சொன்னேன். முதலில் யோசித்தது கியூஆர் வழி, ஏனென்றால் அதற்கு டிரைவும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். பழைய போனில் Settings > Chats > Transfer chats தொடங்கி, புது போனில் நம்பரைப் பதிந்ததும் அங்கே தெரியும் கோடைப் பழைய போனின் கேமராவால் ஸ்கேன் செய்ய வேண்டும். சித்தியின் பழைய போனிலோ வாட்ஸ்அப் லாக் அவுட் ஆகியிருந்ததால் Settings-க்கே போக முடியாது, பின் கேமராவும் வேலை செய்யவில்லை. அந்த வழி அங்கேயே அடைபட்டது.

அடுத்து டிரைவ். பழைய போனின் டிரைவ் ஆப்பில் இருந்த ஜிமெயில்களை மாற்றி மாற்றி Backups பகுதியைப் பார்த்தோம். பழைய ஜிமெயில் ஒன்றில் வாட்ஸ்அப் பேக்கப் இருந்தது. ஆனால் அதன் தேதி மூன்று மாதம் பின்னால் நின்றது. காரணம் இடம். முன்பு வாட்ஸ்அப் பேக்கப் டிரைவின் கணக்கில் சேராது. 2024 வாக்கில் இருந்து அதுவும் இலவச 15 ஜிபிக்குள் அடங்க வேண்டியதாகிவிட்டது. போட்டோவும் மெயிலும் அந்த இடத்தை நிரப்பியதும் பேக்கப் நின்றுபோனது, யாரும் கவனிக்கவில்லை. ரீஸ்டோர் செய்திருந்தால் வந்திருக்கும், ஆனால் கடைசி மூன்று மாதம் இருந்திருக்காது.

மிஞ்சியது லோக்கல் ஃபைல். வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்குப் போனுக்குள்ளேயே ஒரு பிரதி எடுக்கிறது. டிரைவ் நிரம்பியிருப்பது இதைப் பாதிக்காது. கடைசி ஏழு நாள் வரை பிரதிகள் இருக்கும். புதிய ஆண்ட்ராய்டுகளில் அவை இருக்கும் இடம் இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

பழைய போன்களில் இது உள் மெமரியின் முகப்பிலேயே WhatsApp என்ற ஃபோல்டரில் இருக்கும். சித்தியின் போனில் msgstore.db.crypt14 என்ற ஃபைல், புது போன் வாங்கிய அன்று அதிகாலைத் தேதியோடு இருந்தது. நமக்குத் தேவைப்பட்டது அதுதான். WhatsApp ஃபோல்டரை முழுவதுமாகக் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்தோம். msgstore ஃபைலில் எழுத்து மட்டும்தான், படமும் வாய்ஸ் நோட்டும் Media ஃபோல்டரில் இருக்கின்றன. Databases-ஐ மட்டும் கொண்டுபோனால் சாட் வரும், படம் இருந்த இடத்தில் மங்கலான கட்டம்தான் தெரியும்.

புது போனில் வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்து, திரும்பப் போட்டு, திறக்காமல் அந்த ஃபோல்டரை அதே பாதையில் வைத்தோம். திறந்து நம்பர் போட்ட பிறகு வைத்தால் பயனில்லை. ரீஸ்டோர் கேள்வி நம்பரை உறுதி செய்த உடனே ஒரே ஒரு முறைதான் வரும். பழைய ஜிமெயிலை வேண்டுமென்றே புது போனில் சேர்க்கவில்லை, சேர்த்திருந்தால் டிரைவில் இருந்த பழைய பிரதியை அது முன்னால் நீட்டியிருக்கும்.

முதல் தடவை ரீஸ்டோர் பாதியில் நின்றது. கடையில் போட்டது ப்ளே ஸ்டோரிலிருந்து அல்ல, வேறொரு போனிலிருந்து பகிர்ந்த பழைய ஆப் ஃபைல். நாங்களும் கம்ப்யூட்டரில் இருந்த அதே ஃபைலைத்தான் திரும்பப் போட்டிருந்தோம். புதிய வெர்ஷன் எழுதிய பேக்கப்பைப் பழைய வெர்ஷனால் படிக்க முடியாது. ப்ளே ஸ்டோரிலிருந்து போட்டதும் மெசேஜ்களின் எண்ணிக்கை திரையில் ஓடத் தொடங்கியது. இந்த இடத்தில் சிலர் ஃபைல் பெயரில் crypt14 என்பதை crypt15 என்று மாற்றிப் பார்க்கிறார்கள். அந்த எண் பூட்டிய முறையைக் குறிப்பது, மாற்றினால் திறக்காது. பெயரை மாற்ற வேண்டியது, முந்தைய நாள் பிரதியை எடுக்கும்போது மட்டும்: தேதியோடு இருக்கும் பெயரில் தேதியை எடுத்துவிட்டு msgstore.db.crypt14 என்று வைக்க வேண்டும், கடைசி எண் அப்படியே.

புது போனில் இடம் போதாமலும் ரீஸ்டோர் நிற்கும். டிரைவ் வழியில் முதலில் மெசேஜ் வந்து, படங்கள் பின்னணியில் மெதுவாக இறங்கும். அதனால் பாதியில் இடம் தீர்ந்தால் படங்கள் மட்டும் விடுபடும். பேக்கப் அளவைவிட நன்றாகக் கூடுதலாக இடம் காலியாக இருக்கட்டும்.

என் தேர்வு: பழைய போன் முழுசாக வேலை செய்தால் கியூஆர். அதில் கேமராவோ லாக் அவுட்டோ தடையானால் லோக்கல் ஃபைல். பழைய போன் தொலைந்தோ தண்ணீரில் விழுந்தோ போனால் டிரைவ் மட்டுமே, அதனால் அதை நிறுத்திவிடவும் கூடாது; வீடியோவைச் சேர்க்கும் தேர்வை அணைத்தாலே பலருக்கு 15 ஜிபிக்குள் அடங்கிவிடும். எண்ட்-டு-எண்ட் பூட்டு போட்ட பேக்கப்பாக இருந்து, அதன் பாஸ்வேர்டோ 64 இலக்கக் கீயோ மறந்துபோனால் அந்தப் பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது. அப்போதும் பழைய போனில் சாட் திறக்கிறதென்றால் கியூஆர் வழி இருக்கிறது. ஐபோனுக்கு மாறுகிறவர்களுக்கு இந்த மூன்றுமே உதவாது. அவர்கள் புது ஐபோனை செட்டப் செய்யும்போதே Move to iOS ஆப் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும்.