சலூன் லாப நஷ்டக் கணக்கு: போன மாதத்தோடு ஒப்பிடுவதா, சதவீதம் போடுவதா, போன வருடத்தைப் பார்ப்பதா?

மாதக் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஒரு பக்கத் தாள் வரும். மேலே வருமானம், கீழே பத்துப் பன்னிரண்டு செலவு இனங்கள், கடைசியில் லாபம். லாபம் குறைந்திருந்தால் எந்த இனத்தைப் பிடித்துக் கேள்வி கேட்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். இதற்குச் சலூன்காரர்கள் வழக்கமாகப் போகும் வழிகள் மூன்று. போன மாதத்து ரூபாயோடு ஒப்பிடுவது ஒன்று. ஒவ்வொரு செலவையும் விற்பனையில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது இன்னொன்று. போன வருடம் இதே மாதத்தோடு வைத்துப் பார்ப்பது மூன்றாவது. ஒரே தாளை இந்த மூன்று வழியில் படித்தால் மூன்றும் வேறுவேறு இடத்தைக் காட்டும். அதைக் கண்ணால் பார்த்துவிடுவோம்.

ஒரு மாதிரிக் கணக்கு. தமிழ்நாட்டில் ஆறு நாற்காலி போட்ட ஒரு யூனிசெக்ஸ் சலூன். ஜி.எஸ்.டி. பதிவு உண்டு. விற்பனைத் தொகைகள் வரி நீக்கியவை.

| இனம் | ஜூன் | ஜூலை |
|---|---|---|
| சர்வீஸ் வருமானம் | 5,20,000 | 4,30,000 |
| பொருள் விற்பனை | 40,000 | 20,000 |
| சர்வீஸுக்குச் செலவான பொருட்கள் | 52,000 | 55,900 |
| விற்ற பொருளின் கொள்முதல் விலை | 26,000 | 13,000 |
| சம்பளம், இன்சென்டிவ் | 2,07,000 | 1,93,000 |
| வாடகை | 82,600 | 82,600 |
| கரண்ட் பில் | 0 | 36,000 |
| டவல் சலவை, கார்டு கட்டணம் | 20,000 | 18,000 |
| விளம்பரம், பராமரிப்பு, தேய்மானம் | 43,000 | 43,000 |
| லாபம் | 1,29,400 | 8,500 |

ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் எட்டாயிரத்து ஐநூறாகிவிட்டது. யாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

முதல் வழியில், அதாவது போன மாதத்து ரூபாயோடு ஒப்பிட்டால், முதலில் கண்ணில் குத்துவது கரண்ட் பில். பூஜ்யத்திலிருந்து 36,000. உடனே ஏ.சி.யைக் குறை, கீஸரை அணை என்று ஊழியர்களிடம் சத்தம் போடுவோம். ஆனால் நம்மூரில் மின்வாரிய பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பணம் கட்டிய மாதத்தில் முழுவதையும் எழுதினால் ஒரு மாதம் சும்மா இருக்கும், அடுத்த மாதம் இரட்டிப்பாக விழும். மாதத்துக்கு 18,000 என்று பிரித்து எழுதினால் ஜூன் லாபம் 1,11,400 ஆகவும் ஜூலை லாபம் 26,500 ஆகவும் மாறும். வீழ்ச்சி 1,20,900 அல்ல, 84,900தான். வருடத்துக்கு ஒருமுறை கட்டும் இன்சூரன்ஸ், ஏ.சி. பராமரிப்பு ஒப்பந்தம், தீபாவளி போனஸ் எல்லாவற்றையும் இப்படித்தான் மாதத்துக்குப் பங்கு பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். ஆடிட்டர் கேட்காமல் செய்யமாட்டார். அவருக்கு வருடக் கணக்கு சரியாக இருந்தால் போதும்.

இந்த வழியில் பொருள் செலவு 3,900 ரூபாய்தான் ஏறியிருக்கிறது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

இரண்டாவது வழி சதவீதம். இதைப் பலரும் பெரிய முன்னேற்றமாக நினைக்கிறார்கள், ஓரளவு உண்மையும் கூட. மொத்த விற்பனையில் சம்பளம் ஜூனில் 37 சதவீதம், ஜூலையில் 43. வாடகை 14.8 சதவீதத்திலிருந்து 18.4. பொருள் செலவை சர்வீஸ் வருமானத்தோடு மட்டும் வைத்துப் பார்த்தால் 10 சதவீதத்திலிருந்து 13. ஆக, சதவீதப் பட்டியலில் முதல் குற்றவாளி சம்பளம், இரண்டாவது வாடகை.

இங்கேதான் நிஜமான சேதம் நடக்கிறது. "சம்பளம் 43 சதவீதம் போகுது, ஒரு ஆளைக் குறைச்சிடலாம்" என்று முடிவெடுத்து, ஆவணி முகூர்த்தங்கள் வரும்போது பிரைடல் மேக்கப்புக்கு ஆள் இல்லாமல் தவிக்கிற சலூன்கள் உண்டு. அந்தச் சம்பளத்தைப் பிரித்துப் பார்த்தால், நிலையான பகுதி இரண்டு மாதமும் 1,65,000. இன்சென்டிவ் மட்டும் 42,000லிருந்து 28,000க்கு இறங்கியிருக்கிறது. வேலை குறைந்தது, இன்சென்டிவும் குறைந்தது. சம்பள இனம் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படித்தான் நடந்திருக்கிறது. சதவீதம் ஏறியதற்குக் காரணம் விற்பனை இறங்கியதுதான். வாடகைக்கும் இதே கதைதான்.

அப்படியானால் சதவீதம் வீணா? இல்லை. விற்பனையோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டிய செலவுகளுக்கு அது அருமையான அளவுகோல். பொருள், இன்சென்டிவ், கார்டு கட்டணம், சலவை இவற்றுக்கு மட்டும் போடுங்கள். வாடகைக்கும் நிலைச் சம்பளத்துக்கும் ரூபாயையே பாருங்கள். ஒரே தாளில் இரண்டு அளவுகோல் வைப்பது அழகாக இருக்காது, ஆனால் அதுதான் சரி.

மூன்றாவது வழி, போன வருடம் இதே மாதம். சலூனுக்கு இது மற்ற இரண்டையும்விட நியாயமானது. ஜூனில் வைகாசி, ஆனி முகூர்த்தங்கள் இருக்கும். ஜூலை நடுவில் ஆடி பிறந்தால் கல்யாணம் நின்றுவிடும், அதோடு பிரைடல், ஃபேஷியல், மெஹந்தி எல்லாம் நிற்கும். ஆடியை ஆடியோடுதான் ஒப்பிட வேண்டும். போன ஜூலையிலும் விற்பனை நாலரை லட்சத்தைச் சுற்றித்தான் இருந்தது என்றால், பதற்றத்தில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. கூடவே, வாங்கும் பொருளுக்கும் வாடகைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி போய்விட்டது. மேலே உள்ள வாடகை 70,000 தான். அதன் மேல் 18 சதவீத வரி 12,600 சேர்ந்து 82,600 ஆகிறது. முன்பு அந்த 12,600ஐக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வோம், வாடகை இனத்தில் 70,000 மட்டும் நிற்கும். இப்போது முழுத்தொகையும் செலவு. வரி மாறியதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிடுபவர் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டதாக நினைப்பார். பொருள் செலவும் இதேபோல் வீங்கித் தெரியும். பழைய மாதத்தின் இனங்களில் அந்த வரியைச் சேர்த்துவிட்டு ஒப்பிட்டால்தான் கணக்கு பேசும்.

என் கட்சி இதுதான்: மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட, "விற்பனை இவ்வளவு குறைந்ததற்கு லாபம் எவ்வளவு குறைந்திருக்க வேண்டும்?" என்று கேட்பது நல்லது. போட்டுப் பார்ப்போம். விற்பனை 1,10,000 குறைந்தது. அதற்குத் தக்கபடி குறைய வேண்டிய செலவுகள்: சர்வீஸ் பொருள், வருமானக் குறைவு 90,000ல் 10 சதவீதம், 9,000. விற்ற பொருளின் விலை 13,000. இன்சென்டிவ் 14,000. சலவையும் கார்டும் 2,000. மொத்தம் 38,000. ஆக லாபம் 72,000 குறைந்தால் அது ஆடி மாதம், யார் மேலும் தப்பில்லை. குறைந்ததோ 84,900. மிச்சம் 12,900.

அந்த 12,900 எங்கே இருக்கிறது? பொருள் செலவு 43,000 ஆக இறங்கியிருக்க வேண்டும், 55,900 ஆக ஏறியிருக்கிறது. வித்தியாசம் அதே 12,900. ரூபாய் ஒப்பீடு கண்டுகொள்ளாத, சதவீதம் மூன்றாவது இடத்தில் தள்ளிய இனம்தான் கவனிக்க வேண்டியது.

உடனே ஊழியர்களைச் சந்தேகப்பட வேண்டாம். முதலில், இந்த 55,900 பயன்படுத்திய பொருளா, வெறும் கொள்முதல் பில்லா என்று கேளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்கீமுக்காக மொத்தமாக வாங்கிப் போட்டிருந்தால் பொருள் அலமாரியில்தான் இருக்கும். மாதத் தொடக்க ஸ்டாக்கோடு கொள்முதலைக் கூட்டி, மாதக் கடைசி ஸ்டாக்கைக் கழிக்க வேண்டும். நம் கணக்கில் 48,000, 49,900, 42,000. எண்ணிப் பார்த்துத்தான் 55,900 வந்திருக்கிறது.

அடுத்தது தள்ளுபடி. பெரும்பாலான சலூன்களில் தள்ளுபடி போன தொகையைத்தான் விற்பனையாக எழுதுகிறார்கள். அதனால் தள்ளுபடி என்ற இனமே தாளில் இருக்காது. பில்லிங் மென்பொருளின் தள்ளுபடி ரிப்போர்ட்டை எடுத்தால் ஆடிச் சலுகையாக 40,000 கொடுத்தது தெரிகிறது, ஜூனில் சலுகை எதுவும் இல்லை. பாதி விலைக்குக் கலர் போட்டாலும் கலர் அதே அளவுதானே போகும்? முழு விலையில் வேலையின் மதிப்பு 4,70,000, அதற்கு நியாயமான பொருள் 47,000. ஆக 12,900ல் 4,000 தள்ளுபடியின் விளைவு. மீதி 8,900க்குத்தான் ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

கலர் டியூபை எண்ணுவோம். ஜூனில் 90 கலர் வேலை, 72 டியூப். ஒரு வேலைக்கு 0.8. ஜூலையில் 75 வேலை, அந்தக் கணக்கில் 60 டியூப் போதும், போனது 84. கூடுதல் 24 டியூப், தலா 300 என்றால் 7,200. டெவலப்பரும் வேலைக் கணக்கைவிட இரண்டு லிட்டர் சொச்சம் கூடப் போயிருக்கிறது, சுமார் 1,700. தேடிய 8,900 கிடைத்துவிட்டது.

டெவலப்பரைத் தனியாக எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 60 கிராம் டியூப் ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 90 மில்லி டெவலப்பர் கலக்கும் வகை என்றால், 24 டியூபுக்கு 2,160 மில்லி போக வேண்டும். போயிருக்கிறது. எனவே கலர் கிண்ணத்தில்தான் கலந்திருக்கிறது. டியூப் மட்டும் குறைந்து டெவலப்பர் குறையாமல் இருந்திருந்தால், டியூப் கடையை விட்டே வெளியே போயிருக்கும்.

கலந்த கலர் இரண்டு வழியில்தான் போகும். பில் போடாத தலைக்கு, அல்லது வாஷ் பேசினுக்கு. அப்பாயின்ட்மென்ட் நோட்டையும் பில்லையும் நாள்வாரியாக வைத்துப் பார்த்தால் முதலாவது தெரிந்துவிடும். இரண்டும் ஒத்துப்போனால் வீணாவது கிண்ணத்தில். ரூட் டச்-அப்புக்குப் பாதி டியூப் போதும் என்ற இடத்தில், கூட்டம் அதிகமான சலுகை நாட்களில் புதுப் பையன் முழு டியூபைப் பிழிந்துவிடுவது சகஜம். ஒரு சின்ன டிஜிட்டல் தராசை மிக்ஸிங் மேஜையில் வைத்து, கலந்த கிராமை வாடிக்கையாளர் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஆகஸ்ட் தாள் வரும்போது ஒரு வேலைக்கு டியூப் 0.8க்குத் திரும்பியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள், சதவீதத்தைப் பார்க்காதீர்கள். ஆடிச் சலுகை ஆகஸ்ட் நடுவரை ஓடும், சதவீதம் அதுவரை நேராகாது.

ஆடிட்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு. முழு விலை விற்பனையையும் தள்ளுபடியையும் தனித்தனி இனமாகக் காட்டச் சொல்லுங்கள். சம்பளத்தையும் இன்சென்டிவையும் பிரிக்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் வியாபாரம் செய்து ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்னக் கடைக்கு மேலே சொன்ன வாடகை வரிச் சிக்கல் கிடையாது. அங்கே போன வருட ஒப்பீட்டைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் டியூபை எண்ணுவதை விட்டுவிட முடியாது.