ஒரு வாடிக்கையாளருக்கு 200 ரூபாயா, 546 ரூபாயா? ஆம்பூர் பெல்ட்டுக்கு விளம்பரம் கொடுத்த 18 மாத அனுபவம்

வேலூர் லாங்கு பஜாருக்கு அருகே எங்களுக்கு ஒரு சிறிய தோல் பொருள் கடை இருக்கிறது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் உள்ள பட்டறைகளில் பெல்ட்டும் பர்ஸும் தைத்து வாங்கி விற்கிறோம். சிகிச்சைக்காக வெளிமாநிலங்களிலிருந்து வேலூருக்கு வருபவர்களின் உடன் வரும் உறவினர்கள்தாம் நெடுநாள் எங்கள் முக்கிய வாடிக்கையாளர்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் அவர்களில் சிலர் கேட்டு வாங்கியதால், 18 மாதங்களுக்கு முன் ஓர் இணையக் கடை திறந்து, இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் பணம் கட்டி விளம்பரம் செய்யத் தொடங்கினோம். மாதம் எவ்வளவு செலவழிப்பது என்ற ஒரே கேள்விக்கு விடை காண எனக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது.

முதலில், ஒரு விற்பனையில் விளம்பரத்துக்கு முன் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தேன். பெல்ட்டும் பர்ஸும் சேர்ந்த ஒரு செட்டின் விலை 1,499 ரூபாய். அதில் வரி போக 1,270 ரூபாய் நிற்கும். பொருளின் அடக்கவிலை, பெட்டி, கூரியர், பொருள் கையில் கிடைத்ததும் பணம் வாங்கித் தரும் கட்டணம் எல்லாம் சேர்ந்து 720 ரூபாய். ஆக, ஒரு செட் வீடு போய்ச் சேர்ந்தால் எனக்கு 550 ரூபாய். ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க இதற்கு மேல் செலவானால், முதல் விற்பனையில் கைப்பணம்தான் போகும்.

30,000 ரூபாய் செலவழித்த ஒரு மாதத்தில் விளம்பரக் கணக்கின் திரை 150 ஆர்டர்களைக் காட்டியது. அங்கே `Cost per result` என்ற இடத்தில் 200 ரூபாய் என்று இருந்தது. 550 வருகிறது, 200 போகிறது என்று நானும் மகிழ்ந்தேன். ஆனால் மாத முடிவில் வங்கிக் கணக்கில் அந்த மகிழ்ச்சிக்கான தடயம் எதுவும் இல்லை. ஆகவே ஆர்டர் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கைப்பேசி எண்ணாகச் சரிபார்த்தேன்.

அந்த 150 பேரில் 30 பேர் ஏற்கெனவே எங்களிடம் வாங்கியவர்கள். விளம்பரத்தைத் தொட்ட ஏழு நாளுக்குள்ளோ, வெறுமனே பார்த்த ஒரு நாளுக்குள்ளோ ஒருவர் வாங்கினால், வழக்கமான அமைப்பில் அந்த விற்பனை விளம்பரத்தின் பெயரில்தான் எழுதப்படும். எங்கள் வாட்ஸ்அப் செய்தியைக் கண்டு வாங்க வந்த பழைய வாடிக்கையாளர், வழியில் விளம்பரத்தையும் பார்த்திருந்தால் அவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். திரை சொல்வது பொய்யன்று. நான் கேட்கும் கேள்விக்கு அது விடையன்று, அவ்வளவுதான்.

எஞ்சிய 120 புதிய ஆர்டர்களில் 84 மட்டுமே வீடு போய்ச் சேர்ந்தன. ஆள் இல்லை, வேண்டாம் என்றுவிட்டார், போனை எடுக்கவில்லை என்ற காரணங்களோடு 36 பார்சல்கள் திரும்பி வந்தன. போகவரக் கூரியர் கூலியும் மறுபடி பெட்டி கட்டும் செலவுமாக, திரும்பிய ஒவ்வொன்றுக்கும் 180 ரூபாய் என்று 6,480 ரூபாய் ஆயிற்று. புகைப்படமும் சிறு காணொளியும் எடுத்தவருக்கு 4,000 ரூபாய். எல்லாம் சேர்த்து 40,480 ரூபாயை 84 ஆல் வகுத்தால் ஒருவருக்கு 482 ரூபாய் வருகிறது.

அத்தோடும் முடியவில்லை. விளம்பரக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, பதிவு பெற்ற வணிகர் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தணிக்கையாளர் பில்லைப் புரட்டிவிட்டு, "விளம்பரக் கணக்குல உங்க ஜி.எஸ்.டி. நம்பரே போடலையே சார், இத எப்படி நான் கிளைம் பண்றது?" என்றார். அந்த மாதத்து 5,400 ரூபாய் வரியும் செலவாகவே போனதால், ஒரு புதிய வாடிக்கையாளருக்கு ஆன உண்மையான செலவு 546 ரூபாய். திரையில் 350 ரூபாய் லாபமாகத் தெரிந்த இடத்தில் கைக்கு வந்தது நான்கு ரூபாய். எண்ணைப் பதிவது சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் நான் கழித்த மாதங்களை இங்கே எண்ணிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

வரியைச் சரிசெய்த பிறகு, 482 என்பது 550-ஐ விடக் குறைவுதானே, இன்னும் கூட்டலாமே என்று தோன்றியது. பண்டிகை இல்லாத ஒரு மாதத்தில் 50,000 ரூபாயாக உயர்த்தினேன். தீபாவளி மாதத்தில் எல்லோரும் விளம்பரத்துக்குப் போட்டியிடுவதால் விலையும் ஏறும், வாங்கும் மனநிலையும் மாறும். அந்த மாதத்தைச் சாதாரண மாதத்தோடு ஒப்பிட்டால் கணக்கு குழம்பிவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். அந்த மாதம் 114 புதியவர்களுக்குப் பொருள் சேர்ந்தது, 54 திரும்பின. மொத்தச் செலவு 63,720 ரூபாய், சராசரி 559. ஒன்பது ரூபாய்தானே நட்டம் என்று இந்தச் சராசரி என்னை ஏறக்குறைய ஏமாற்றிவிட்டது.

பார்க்க வேண்டியது சராசரியை அன்று. கூடுதலாக வந்தவர்களை மட்டும். இரண்டு மாதங்களுக்கும் இடையே செலவு 23,240 ரூபாய் கூடியது; ஆட்கள் 30 பேர்தான் கூடினார்கள். அதாவது அந்த 30 பேரில் ஒவ்வொருவருக்கும் 775 ரூபாய். எளிதில் வாங்கக்கூடியவர்களை விளம்பரம் முதலிலேயே கண்டுபிடித்துவிடுகிறது. பணம் கூடக்கூட, ஆர்வம் குறைந்தவர்களிடமும், அதே ஆளிடம் நான்காவது ஐந்தாவது முறையாகவும் அது போய் நிற்கிறது. முதல் 84 பேர் தந்த லாபத்தைப் பின்னால் வந்த 30 பேர் தின்றுவிட்டார்கள்.

பிறகு 20,000 ரூபாய்க்கு இறக்கிப் பார்த்தேன். 66 பேர் வந்தார்கள், 26 பார்சல்கள் திரும்பின, மொத்தச் செலவு 28,680. இங்கிருந்து 30,000-க்கு ஏறும்போது கூடும் 18 பேருக்கு ஆளுக்கு 656 ரூபாய் ஆகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் நல்ல அளவு என்று நம்பிய 30,000 ரூபாயிலேயே கடைசிப் பகுதி 550-ஐத் தாண்டியிருந்தது.

இதற்கு மறுப்பாக, வந்தவர்கள் மறுபடி வாங்குவார்களே என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி. எங்கள் பதிவேட்டில், முதல் ஆறு மாதங்களில் வந்த ஒவ்வொரு நூறு பேரிடமிருந்தும் ஓராண்டுக்குள் விளம்பரமின்றி 25 ஆர்டர்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் சுமார் 480 ரூபாய் நின்றது. ஒரு தலைக்கு 120 ரூபாய். ஆனால் பட்டறைக்காரருக்கு 30 நாளில் பணம் கொடுக்க வேண்டியவன், பதினோராம் மாதம் வரப்போகும் லாபத்தை இன்றே செலவழிக்க முடியாது. ஆகவே முதல் ஆறு மாதத்துக்குள் வந்த பாதியை, அதாவது 60 ரூபாயை மட்டும் சேர்த்து, என் உச்சவரம்பை 610 என்று வைத்துக்கொண்டேன். 25,000 ரூபாயில் சோதித்தபோது, 20,000-க்கு மேல் கூடுதலாக வந்தவர்களுக்கு ஆளுக்கு 590 ஆயிற்று. அங்கேயே நின்றுவிட்டேன்.

இவ்வழியில் இரண்டு சங்கடங்கள் உண்டு. தொகையைத் திடீரென மாற்றினால் விளம்பர அமைப்பு மறுபடி கற்கத் தொடங்குவதால், முதல் வாரத்து எண்கள் தாறுமாறாக இருக்கும். அந்த வாரத்தைச் சோதனையில் சேர்க்காமல், அதன் பின் வரும் நான்கு வாரங்களையே ஒரு மாதமாகக் கொள்கிறேன். பார்சல்கள் தாமதமாகவே திரும்புவதால், மாதம் முடிந்து 21 நாட்கள் கழித்துத்தான் கணக்கை மூடுகிறேன். முந்தி மூடிய மாதங்களெல்லாம் பொய்யான லாபம் காட்டின.

இப்போது கையில் பணம் வாங்கும் ஆர்டர்களுக்கு 100 ரூபாய் முன்பணம் கேட்டுப் பார்க்கிறோம். ஆர்டர்கள் குறைந்திருக்கின்றன, திரும்பும் பார்சல்கள் அதைவிடக் குறைந்திருக்கின்றன. மூன்று மாதக் கணக்கு மூடிய பிறகுதான் 25,000-ஐ மாற்றுவேன்.