ஒரே தேக்குத் தடி, மூன்று விலை: கன அடிக் கணக்கை ஒப்பிடுவது எப்படி?

வீட்டு நிலைக்கும் கதவுக்கும் தேக்குத் தடி வாங்கப் போகிறவர் இரண்டு மூன்று மரவாடிகளில் விலை விசாரிப்பது வழக்கம். ஒருவர் கன அடி 3,000 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 2,800, மூன்றாமவர் 2,500. கேட்டதும் மூன்றாவது வாடிப் பக்கம்தான் கால் போகும். மூவரும் ஒரே அளவைத்தான் கன அடி என்கிறார்களா என்று பார்த்துவிட்டு அப்புறம் போவது நல்லது. (இந்த விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஊர், தரம், பருமன் பார்த்து உண்மை விலை ஏறும், இறங்கும்.)

ஒரு தடியை எடுத்துக்கொள்வோம். பட்டை உரித்தது, நீளம் 10 அடி. அடிப்பக்கச் சுற்றளவு 56 அங்குலம், நடுவில் 48, நுனியில் 44. இதே தடியை மூன்று வாடியிலும் அளந்தால் என்ன ஆகிறது?

முதல் வாடியில் 3,000 ரூபாய், குவாட்டர் கெர்த் கணக்கு. நடுச் சுற்றளவை நான்கால் வகுக்க வேண்டும், வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும், பிறகு நீளத்தால் பெருக்க வேண்டும். 48-ல் கால் பங்கு 12 அங்குலம், அதாவது ஓர் அடி. ஓர் அடிக்கு ஓர் அடி, நீளம் 10 அடி, ஆக 10 கன அடி. விலை 30,000 ரூபாய்.

இரண்டாவது வாடியில் 2,800 ரூபாய். அங்கேயும் குவாட்டர் கெர்த் கணக்குதான். ஆனால் நடுவில் டேப் போடாமல், இரண்டு முனைகளையும் அளந்து சராசரி எடுக்கிறார்கள். 56-ம் 44-ம் சேர்ந்து 100, சராசரி 50. கால் பங்கு 12.5 அங்குலம். கணக்குப் போட்டால் 10.85 கன அடி, விலை 30,380 ரூபாய்.

மூன்றாவது வாடியில் 2,500 ரூபாய், ஆனால் உருளைக் கணக்கு. தடியின் வட்டப் பரப்பை அப்படியே எடுத்து நீளத்தால் பெருக்குகிறார்கள். நடுச் சுற்றளவு 48-க்கு 12.73 கன அடி வருகிறது. விலை 31,825 ரூபாய். கன அடிக்கு 500 ரூபாய் குறைவு என்று தெரிந்த இடத்தில் தடிக்கு 1,825 ரூபாய் கூடுதலாகப் போகிறது.

கையில் கால்குலேட்டர் இருந்தால் இரண்டு எண்களை நினைவில் வைத்தால் போதும். சுற்றளவு அங்குலத்தில், நீளம் அடியில்:

```
குவாட்டர் கெர்த் = சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 2304
உருளைக் கணக்கு   = சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 1810
```

இரண்டுக்கும் உள்ள விகிதம் எந்தத் தடிக்கும் மாறாது. உருளைக் கணக்கில் வரும் கன அடியில் 78.5 சதவீதம்தான் குவாட்டர் கெர்த்தில் வரும். அதனால் உருளைக் கணக்குக்கு ஒருவர் விலை சொன்னால் அதை 1.273-ஆல் பெருக்கிப் பாருங்கள், குவாட்டர் கெர்த் விலை கிடைத்துவிடும். 2,500 என்பது 3,183 ஆகிறது. 3,000-க்குச் சமமாக இருக்க வேண்டுமானால் மூன்றாவது வாடிக்காரர் 2,356 ரூபாய்க்குக் கொடுத்திருக்க வேண்டும்.

மீதி 21.5 சதவீதம் எங்கே போகிறது? வட்டமான தடியைச் சதுரமாக அறுக்கும்போது கழிகிற மரத்துக்கான தள்ளுபடி என்று இதைச் சொல்வார்கள். 1736-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஹாப்பஸ் என்பவர் இந்த முறைக்கு அட்டவணை போட்டு வெளியிட்டார். பர்மாத் தேக்கு வியாபாரத்தில் ஹாப்பஸ் டன் என்று புழங்குவதும் அவர் பெயரால்தான், ஒரு டன்னுக்கு 50 கன அடி. தள்ளுபடி என்று சொல்லிக்கொண்டாலும், கால் சுற்றளவுச் சதுரம் தடிக்குள் முழுசாக அடங்காது. 48 அங்குலச் சுற்றளவுள்ள தடியின் விட்டம் 15.3 அங்குலம். 12 அங்குலச் சதுரத்தின் மூலைக்கு மூலை 17 அங்குலம் வேண்டும். நாலு மூலையும் கூர்மையாக நிற்கும் சதுரம் வேண்டுமென்றால் பக்கம் 10.8 அங்குலம்தான், அதாவது 8.1 கன அடி. ஆகவே 10 கன அடிக்குப் பணம் கொடுத்தவருக்கு 10 கன அடி அறுத்த மரம் கிடைக்கும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

சரி, நடுச் சுற்றளவா, முனைகளின் சராசரியா, எது நியாயம்? தேக்கின் அடிப்பக்கம் வேர் பிரியும் இடத்தில் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பு ஓரிரு அடிக்கு மேல் போகாது. ஆனால் முனையை அளந்து சராசரி எடுத்தால் அது தடி முழுக்க இருப்பது போலக் கணக்கில் ஏறிவிடும். அடி, நடு, நுனி மூன்றையும் அளந்து, நடுப் பரப்புக்கு நாலு மடங்கு எடை கொடுத்துப் பார்த்தால் நம் தடி 10.34 கன அடி வருகிறது. நடு அளவு விற்பவருக்கு மூன்று சதவீதம் போல நட்டம், முனைச் சராசரி வாங்குபவருக்கு ஐந்து சதவீதம் போல நட்டம். நான் வாங்குகிறவனாக இருந்தால் நடுவில்தான் டேப் போடச் சொல்வேன். நடுவில் கணு முண்டாக நின்றால், முண்டுக்கு இரு பக்கமும் சம தூரத்தில் அளந்து சராசரி எடுப்பதுதான் முறை.

பட்டையோடு கிடக்கும் தடியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பட்டை அரை அங்குலம் என்றால் விட்டத்தில் ஓர் அங்குலம், சுற்றளவில் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பட்டையோடு 48 காட்டிய தடி உரித்தால் 45 காட்டும். 10 கன அடி 8.79 ஆகிவிடும். பட்டை மேல் அளப்பவர் கன அடிக்கு 350 ரூபாய் குறைத்துச் சொன்னாலும் சலுகை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அளக்கும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிச் செதுக்கி அளக்கச் சொல்லலாம். நல்ல வியாபாரி மறுக்க மாட்டார்.

டேப் பிடிப்பதிலும் பணம் இருக்கிறது. சுற்றளவு இரண்டு முறை பெருக்கப்படுவதால் அதில் வரும் பிசகும் இரட்டிப்பாகும். 48-க்குப் பதில் 47 என்று பிடித்தால் 9.59 கன அடி, 3,000 விலையில் 1,200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். நீளத்தில் ஓர் அங்குலம் தவறினால் 250 ரூபாய்தான். ஆனால் பலரும் நீளத்துக்குத்தான் சண்டை போடுகிறார்கள். தரையில் கிடக்கும் தடிக்கு அடியில் டேப்பை நுழைக்கும்போது சாய்ந்து போனாலும், முறுக்கிக்கொண்டாலும், சுற்றளவு கூடித்தான் காட்டும், குறையாது. தடியைப் புரட்டி, அடிப்பக்கம் டேப் நேராக ஓடுகிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்க்க வேண்டும்.

அரசு டிப்போ ஏலத்தில் கன மீட்டரில் விலை வரும்போது வாடி விலையோடு ஒப்பிட 35.3-ஆல் வகுப்பது பழக்கம். அந்தக் கன மீட்டர் குவாட்டர் கெர்த் முறையில் போட்டதாக இருந்தால் இது சரி. உருளைக் கணக்கில் போட்ட கன மீட்டர் என்றால் 27.74-ஆல்தான் வகுக்க வேண்டும். கன மீட்டர் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் வகையில் கன அடி 2,550 போல வருகிறது, இரண்டாவது வகையில் 3,244. இறக்குமதித் தடிக்கு விலைப்பட்டியல் பார்க்கும்போது எந்த முறை என்பதை முதலில் கேட்டுவிடுங்கள்.

இனி, தடியா, அறுத்த சைஸ் மரமா என்ற கேள்வி. தடியின் வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் பொன்னிறமும் பழுப்பும் கலந்த வைரம், ஓரத்தில் வெளிறிய வளையம். அந்த வெளிறு பூச்சி அரிக்கும், நிலைக்கு ஆகாது. ஆனால் அளவுக் கணக்கில் அதுவும் வைரத்தின் விலையில்தான் போகிறது. நம் 48 அங்குலத் தடியில் வெளிறு ஓர் அங்குலக் கனம் என்றால், வெட்டு முகப் பரப்பில் கால்வாசி அதுதான். 36 அங்குலத் தடியில் மூன்றில் ஒரு பங்கு. சிறுத்த தடிக்குக் கன அடி விலை குறைவாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. மலிவு என்று அதை வாங்கி அறுத்துப் பார்த்தவர்களுக்கு மீதி தெரியும்.

நம் தடியின் வைரத்துக்குள் அடங்கும் சதுரம் பக்கத்துக்கு 9.4 அங்குலம், அதாவது 6.1 கன அடி. பக்கப் பலகையில் கொஞ்சம் தேறும், வாள் தின்பதில் கொஞ்சம் போகும். ஆறு கன அடி என்று வைத்தால் 30,000 ரூபாய்த் தடியில் அறுத்த மரம் கன அடி 5,000 ஆகிறது, வண்டி வாடகையும் அறுப்புக் கூலியும் தனி. அதனால் வெளிறு இல்லாத சைஸ் மரம் 5,000-க்கோ அதற்குச் சற்று மேலாகவோ கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். தடிக்குள்ளே பொந்தோ சுழல் வெடிப்போ இருந்தால் அந்த நட்டம் வாடிக்காரருடையது. எட்டு, பத்துக் கதவுக்கு மரம் வேண்டும், கூட நின்று அறுக்க ஆள் இருக்கிறது என்றால் தடி கட்டுப்படியாகும்.

தோட்டத்துத் தேக்கை விற்கிறவர்களுக்கும் ஒன்று உண்டு. "எல்லாத்தையும் தனித்தனியா எதுக்கு அளக்கணும் அண்ணாச்சி, சராசரி போட்டுக்கலாம்" என்று வியாபாரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 36 அங்குலத்தில் ஒன்று, 60 அங்குலத்தில் ஒன்று, இரண்டும் 10 அடி என்று வையுங்கள். தனித்தனியாக அளந்தால் 5.63-ம் 15.63-ம் சேர்ந்து 21.25 கன அடி. சராசரி 48 போட்டு இரண்டால் பெருக்கினால் 20 கன அடிதான். பருமன் வித்தியாசம் கூடக்கூட விற்பவர் இழப்பதும் கூடும், ஒருபோதும் அவர் பக்கம் சாயாது. போதாக்குறைக்குப் பருத்த தடிக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் கன அடி விலையும் சராசரியில் மறைந்துவிடும். ஒவ்வொரு தடியின் முகத்திலும் சாக்பீஸால் எண் போட்டு, நடுச் சுற்றளவையும் நீளத்தையும் எதிரில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சீட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்ட பிறகு லாரியில் ஏற்றச் சொல்லுங்கள்.