போல்ட் பத்தில் ஒரு நொடி தாமதித்திருந்தால்?

2009 பெர்லின் உலகப் போட்டியில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். துப்பாக்கிச் சத்தத்துக்கு அவர் கால் பதிலளிக்க எடுத்தது 0.146 நொடி. சரி, அது 0.246 ஆகியிருந்தால்?

நேரம் 9.68 ஆகும். சராசரி வேகம் நொடிக்கு 10.44 மீட்டரிலிருந்து 10.33 ஆகக் குறையும், அதாவது ஒரு சதவீதம். ஆனால் ஓட்டம் துளியும் மாறவில்லை. எதிர்வினை நேரத்தைக் கழித்தால் இரண்டிலும் மிஞ்சுவது 9.434 நொடிதான். சராசரியைக் குறைத்தது கால்களல்ல, காத்திருப்பு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இடைவெளிதான். இரண்டு போல்ட்டையும் பக்கத்துப் பாதைகளில் நிறுத்திப் பாருங்கள். தாமதித்தவர் அசையும்போது மற்றவர் சில சென்டிமீட்டர்தான் முன்னே இருப்பார். முடிவுக் கோட்டருகே நொடிக்கு சுமார் 12 மீட்டர் வேகம் என்பதால், அதே பத்தில் ஒரு நொடி அங்கே ஏறத்தாழ 1.2 மீட்டராக விரிந்துவிடும். பின்தங்கியவர் மெதுவாகிவிட்டார் என்று கண் ஏமாறும்.

அன்று இரண்டாவதாக வந்த டைசன் கே 9.71. அதனால் தாமதித்த போல்ட்டும் ஜெயித்திருப்பார், வெறும் 0.03 நொடியில். மறுபக்கம், 0.1 நொடிக்குள் அசைந்தால் தவறான தொடக்கம் என்பது விதி. ஆக 0.146-இலிருந்து அவர் இன்னும் மிச்சப்படுத்தியிருக்கக்கூடியது அதிகபட்சம் 0.046 நொடிதான்.